தீவின் பாறைக்கு ஒரு துளி அமிலம்

எங்கள் தீவுப் பாடசாலைக்கான புவியியல் கைநூலில் பாறைகள் பற்றிய பக்கத்தை என்னுடன் கற்பிக்கும் அக்கா எழுதினார். இலங்கையின் பெரும்பகுதியைப் போல எங்கள் வேலணைத் தீவும் மிகப் பழைய உருமாறிய பாறை என்றிருந்தது. மறுநாள் அது அச்சுக்குப் போகவேண்டும்.

"வீட்டு வளவுக்கை கிடந்த கல்லில அமிலம் விட்டுப் பாத்தனான். சுண்ணாம்புக்கல்லெண்டா நுரைச்சிருக்கும், இது நுரைக்கேல்லை" என்றார்.

அவர் காட்டிய கல்லின் ஒரு பக்கத்தில் உளியால் கொத்திய புள்ளிகள் தெரிந்தன.

"அக்கா, இது உடைஞ்ச அம்மியெல்லோ? தெற்கிலயிருந்து வந்த கல்."

கிணறு வெட்டிய இடத்துக் கல்லில் ஒரு துளி விட்டோம். பொங்கி நுரைத்தது. கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல், தெற்கின் பழைய பாறைகளைவிட மிக இளையது என்று அக்கா பக்கத்தைத் திருத்தினார்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்."

"ஓம்."

மறுநாள் ஆசிரியர் அறையில் அம்மிக் கதையை அவரே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார்.