அப்துல் கையூம் தாமதமாகக் கொடுத்த மனு

அப்துல் கையூம் முப்பத்தொரு வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தார். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக நடப்பதுதான் வேலை. 1993 மே மாதக் கடைசியில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். மூன்று மாதத்தில் பென்ஷன் வந்துவிடும் என்றார்கள். வரவில்லை.

மாதம் ஒருமுறை உக்கடத்திலிருந்து பஸ் ஏறி அலுவலகத்துக்குப் போவார். பென்ஷன் காகிதங்களைப் பார்க்கும் கிளார்க் ஆறுச்சாமி எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

"போன மாசமே அனுப்பிப்போட்டேனுங்க பாய். மெட்ராஸ்ல கணக்காயர் ஆபீசுல இருக்குதுங்க. அங்க கொஞ்சம் லேட் ஆகும்."

கையூம் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார். இருபது வருடப் பழக்கம். பெண் ஃபர்சானாவின் கல்யாணத்தில் பந்தியில் நின்று பரிமாறியவர் ஆறுச்சாமி.

வீட்டில் மனைவி சாயிரா பானுவுக்குச் சர்க்கரை நோய். ஒன்பதாவது மாதம் அவள் கேட்டாள்.

"ஏனுங்க, கலெக்டர் ஆபீசுல பென்ஷன்காரங்களுக்குன்னு குறை கேக்குற நாள் வெக்கறாங்களாமா. ஒரு மனு குடுத்துப் பாருங்களேன்."

"மனு குடுத்தா ஆறுச்சாமி மேல கம்ப்ளெயிண்ட் குடுத்த மாதிரி ஆகிப்போகும். அந்த மனுசன் பொய் சொல்ல மாட்டாரு."

அவள் மறுபடி கேட்கவில்லை. ஏப்ரலில் கால் புண் புரையோடி, பெரியாஸ்பத்திரியில் சேர்த்த ஆறாவது நாள் இறந்துபோனாள். துணிமணிகளை எடுத்து வைக்கும்போதுதான் ஃபர்சானா மாத்திரைப் பட்டைகளைப் பார்த்தாள். இரண்டு வேளை போட வேண்டியதை ஒரு வேளையாகக் குறைத்து, அம்மா மாதக்கணக்கில் ஓட்டியிருந்தாள்.

கையூம் அந்தப் பட்டைகளை வாங்கி, மீதி மாத்திரைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பிறகு மகளைக் கூப்பிட்டு, "அந்த மனுவ எழுது கண்ணு" என்றார்.

அவள் வெள்ளைத்தாளில் இரண்டு பிரதி எழுதினாள். ஓய்வு பெற்ற நாள், அலுவலகம், கடைசிச் சம்பளம், பன்னிரண்டு மாதமாகியும் ஓய்வூதியம் தொடங்கவில்லை, காரணமும் சொல்லப்படவில்லை என்பது. தாய் இறந்ததையும் சேர்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார்.

ஜூலையில் அழைப்பு வந்தது. கலெக்டர் அலுவலகக் கூட்ட அரங்கில் முதியவர்களும் விதவைகளும் நிரம்பியிருந்தார்கள். ஒரு பக்கம் துறை அதிகாரிகள், மேடையில் கலெக்டரும் கருவூல அலுவலரும், மெட்ராசிலிருந்து வந்த ஓய்வூதிய இயக்குநரக அதிகாரியும். கையூமின் முறை வந்ததும் மெட்ராஸ் அதிகாரி தன் பட்டியலைப் பார்த்துச் சொன்னார்.

"கணக்காயர் அலுவலகத்தில் விசாரித்துவிட்டோம். இவர் பெயரில் ஓய்வூதியம் கேட்டு அனுப்ப வேண்டிய கருத்துருவே வரவில்லை."

கலெக்டர் துறை அதிகாரியைப் பார்த்தார். அவர் பின்னால் திரும்பினார். ஆறுச்சாமி எழுந்து நின்றார்.

"சார்... இவரோட பணிப்பதிவேட்ட வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேனுங்க, விட்டுப்போன பதிவையெல்லாம் எழுதி முடிக்கலாம்னு. பை பஸ்லயே போயிருச்சுங்க. சொன்னா வேலை போயிருமோன்னு பயந்துபோட்டேன்."

பழைய சம்பளப் பட்டியல்களை வைத்துப் புதிய பணிப்பதிவேடு தயாரிக்க வேண்டும், அதுவரை பதினைந்து நாளுக்குள் தற்காலிக ஓய்வூதியம் தர வேண்டும் என்று கலெக்டர் உத்தரவிட்டார். பிறகு கையூமைக் கேட்டார்.

"உங்களுக்கு வேறு ஏதாவது சொல்லணுமா ஐயா?"

கையூம் ஆறுச்சாமியைத்தான் பார்த்தார்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுங்களே சார். நான் அன்னிக்கே மனு குடுத்திருப்பனே."

ஆறுச்சாமி வாய்விட்டு அழுதார். அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் உக்கடம் வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஃபர்சானா கதவைத் திறக்கவில்லை. கையூம் திறந்தார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அரை மணி நேரம் இருந்துவிட்டு ஆறுச்சாமி போய்விட்டார். அதற்குப் பிறகு இருவரும் சந்திக்கவில்லை.

மறு வருடம் பிப்ரவரியில் நிரந்தர உத்தரவு வந்தது. கருவூலத்தில் நேரில் வரச் சொன்னார்கள். கருவூலக் கிளார்க் மதிவதனி ஓய்வூதியப் புத்தகத்தைத் திருப்பி அங்க அடையாளங்களைச் சரிபார்த்தாள். முதல் பக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த படம் ஒட்டியிருந்தது. ஓய்வு பெறுமுன் டவுன்ஹால் ஸ்டுடியோவில் எடுத்தது. சாயிரா பானு முக்காட்டுக்குள்ளிருந்து கேமராவை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கப்புறம் குடும்ப ஓய்வூதியம் இவங்களுக்குங்க. நல்லா இருக்காங்களா?"

"இல்லீங்க அம்மணி. போய்ச் சேந்துட்டா."

"எப்பங்க?"

"மனு குடுக்கறதுக்கு முன்னாலயே."

இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, மதிவதனி சிவப்பு மையால் அந்தப் பெயரை அடித்தாள். பக்கத்தில் தேதி போட்டாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள். கையூம் பேனாவை வாங்கிப் போட்டார். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது, இரண்டு பஸ்கள் வந்து போனதை அவர் கவனிக்கவே இல்லை.