சூசைதாசன் இறந்த தேதி

பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸ் எதிரே இருபத்தாறு வருஷமாக மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறவன் நான். பெயர் செபஸ்டின், சொந்த ஊர் வரதராசன்பேட்டை. ஆடு செத்ததற்கும் எழுதியிருக்கிறேன், அண்ணன் தம்பி வரப்பு வெட்டிக்கொண்டதற்கும் எழுதியிருக்கிறேன். பொய்யும் கொஞ்சம் எழுதியிருக்கிறேன், மறைப்பானேன். ஆனால் ஆனி ரோஸுக்கு எழுதிக் கொடுத்ததைப்போல ஒன்றை அதற்கு முன் எழுதியதில்லை.

ஆனி ரோஸ் அகதி முகாமில் இருக்கிறவர். இலங்கையில் மன்னார்க்காரர். பத்தொன்பது வருஷமாக இந்த ஊரில் வெங்காயம் ஆய்ந்து, மக்காச்சோளம் உடைத்து, காடு காடாக வேலைக்குப் போய் மகளைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தவர். முகாமில் கணக்கெடுப்பு வரும் நாளில் மட்டும் வேலைக்குப் போகமாட்டார். அன்றைக்கு ஆள் இல்லையென்றால் பதிவிலிருந்து பெயரே போய்விடும். காய்ச்சலாகக் கிடந்தாலும் வரிசையில் போய் நின்று முகத்தைக் காட்ட வேண்டும்.

முதல் நாள் வந்தபோது நான் எல்லாரும் கேட்கிற முட்டாள்தனமான கேள்வியைத்தான் கேட்டேன். "சண்டையெல்லாம் நேர்ல பாத்தீங்களாம்மா?"

"சண்டையை நான் ஒருநாளும் காணேல்லை அண்ணை. சத்தந்தான் கேட்டனான்" என்றார்.

அவர் கண்டதெல்லாம் வேறு. கடலுக்குப் போகத் தடை, அதனால் கரையில் கவிழ்ந்து கிடந்த வள்ளம். பால்மா என்கிற பால்பவுடர் வராத கடை. செல் குண்டு விழும் என்று கோயிலுக்குள் ஊரே அடைந்து கிடந்தபோது, முந்நூறு பெண்களுக்கு இரண்டே கக்கூஸ். மாதவிலக்குத் துணியை எங்கே உலர்த்துவது என்று பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு நின்றது. இதையெல்லாம் கேட்க நோட்டோடு வருகிறவர்கள், துப்பாக்கிக் கதை இல்லையென்று தெரிந்ததும் நோட்டை மூடிவிடுவார்களாம். எனக்குச் சுருக்கென்றது.

2006 ஆகஸ்டில், மூன்று மாதக் கர்ப்பிணியாக, ஆனி ரோஸ் படகேறினார். கணவர் சூசைதாசன் வள்ளத்தையும் இஞ்சினையும் விற்றுவிட்டுப் பின்னால் வருவதாக ஏற்பாடு. படகுக்காரன் தனுஷ்கோடிக்கு முன்னாலேயே ஒரு மணல் திட்டில் எல்லாரையும் இறக்கிவிட்டு ஓடிவிட்டான். பாதிநாள் தண்ணீரில்லாமல் அந்தத் திட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் கூட வந்த பெண்கள் புத்தி சொன்னார்கள். கணவன் அங்கே நிற்கிறான் என்று சொல்லாதே, இயக்கத்தில் இருக்கிறானா என்று குடைந்து எடுப்பார்கள், உன்னைத் தனியாகக் கொண்டுபோவார்கள், செத்துவிட்டான் என்று சொல்லிவிடு.

மண்டபம் முகாமில் பதிவு செய்த ஆபீசர் கேட்டார். ஆனி ரோஸ் அப்படியே சொன்னார். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்: விதவை.

அடுத்த பிப்ரவரியில் பெரம்பலூரில் சகாய பிரியா பிறந்தாள். முகாமுக்கு எதிரே இருந்த கடைக்கு சூசைதாசன் போன் செய்வார். மார்ச்சில் ஒருநாள் குழந்தையின் குரலைக் கேட்க வேண்டும் என்றாராம். தூங்கிய பிள்ளையைக் கிள்ளி அழவைத்துக் கேட்கச் செய்திருக்கிறார் ஆனி ரோஸ். ஏப்ரலுக்குப் பிறகு போன் வரவில்லை. ராணுவம் வெள்ளை வேனில் ஏற்றியதைக் கண்டதாக ஒருத்தர் சொன்னார். இயக்கம் பிடித்துக்கொண்டு போனதாக இன்னொருத்தர் சொன்னார். உடம்பு கிடைக்கவில்லை.

இப்போது மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. இங்கே பிறந்தும் இந்த நாட்டுக்காரி இல்லை. தாய் கள்ளப்படகில் வந்தவர், தகப்பனும் இந்த நாட்டுக்காரர் இல்லை என்று சட்டம் கையை விரித்துவிட்டது. இலங்கைக்காரி என்று ஆகவேண்டுமானால் சென்னையில் இருக்கும் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். மன்னாரில் இருக்கும் அத்தை, பதிவை முடித்து வா, இங்கே நர்ஸுக்குப் படிக்கலாம் என்று கூப்பிடுகிறார். விண்ணப்பம் ஒருமுறை போய்த் திரும்பியும் வந்துவிட்டது. தாய் விதவை என்று முகாம் பதிவு சொல்கிறது, தகப்பனின் இறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

ஆனி ரோஸ் என்னிடம் கேட்டு வந்தது இறப்புச் சான்றிதழுக்கு அல்ல. "காணாமல் போனவர் எண்டு பதிய வேணும் அண்ணை. அங்கை அதுக்கு ஒரு ஆபீஸ் இருக்காம். காணப்படாமைச் சான்றிதழ் எண்டு குடுக்கினமாம். அவரை ஆரோ கொண்டுபோனவை. அதை எழுதுங்கோ."

அன்றைக்கு மகளும் கூட வந்திருந்தாள். அவள் பேச்சு அசல் பெரம்பலூர்ப் பேச்சு.

"சார், அம்மாவுக்கு நீங்க சொல்லுங்க. அப்பா 2007ல காணாமப் போனாருன்னு எழுதினா, 2006ல செத்துட்டாருன்னு மண்டபத்துல சொன்னது பொய்னு ஆயிடும். என்கொயரின்னு இழுத்துருவாங்க. எங்க லைன்ல ஒரு அக்காவுக்கு ரெண்டு வருஷமா இழுக்குது."

அவள் சொன்னது சரிதான். நான் கணக்குப் போட்டேன். இலங்கையில் இன்னொரு வழி உண்டு: நெடுநாள் தகவலில்லாதவர் கலவரத்தில் இறந்துவிட்டதாக நம்புகிறேன் என்று உறவினர் உறுதிமொழி கொடுத்து, இறப்பைப் பதிவு செய்யலாம். கொண்டுபோனது யார் என்று கேட்கும் கட்டம் அந்தப் படிவத்தில் கிடையாது. தேதி வேண்டும். அந்தத் தேதி ஆனி ரோஸ் மண்டபத்தில் பதிந்த நாளுக்கு முன்னால் இருக்க வேண்டும். பிள்ளை வயிற்றில் தங்கிய பிறகும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஊர் வேறு கணக்குப் போடும். ஜூனுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் உயிரோடிருந்த ஒரு மனிதனைச் சாகடிக்க நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். சீ, என்ன பிழைப்பு என்று இருந்தது.

"ஜூலை பதினைஞ்சுன்னு போட்டுரலாங்களா?" என்றேன்.

ஆனி ரோஸ் என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

"ஜூலையிலை செத்தவர் எண்டால், மார்ச்சிலை நீ அழுததைக் கேட்டது ஆர்?"

மகள் வெடித்துவிட்டாள். "எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் அவரப் பாத்ததே இல்லையே! இல்லாத மனுசனுக்காக நானும் இல்லாமலே இருக்கணுமா?"

மரத்தடியில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சொன்ன பிறகு அந்தப் பெண்ணே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. யாரோ இரண்டு தரப்பு அடித்துக்கொண்டதற்கு, சண்டை முடிந்து இத்தனை வருஷம் கழித்து, பெரம்பலூரில் ஒரு தாயும் மகளும் மோதிக்கொள்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஆனி ரோஸ் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, "எழுதுங்கோ" என்றார்.

எழுதினேன். சூசைதாசன், மீனவர், வயது இருபத்தொன்பது, 2006 ஜூலை பதினைந்து. படித்துக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். கையெழுத்துப் போட்டார். மகள் தாளை வாங்கி, மடங்காமல் பைக்குள் வைத்து, ஜெராக்ஸ் எடுக்க ஓடினாள்.

ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டுமே என்று வாயைத் திறந்தேன். "மனசு விட்றாதீங்க. ஒருவேளை அவரு திரும்பி வந்துட்டாருன்னா இதை ரத்து பண்ண வழி இருக்கு. உயிரோட இருக்காருன்னு ஒரு மனு குடுத்தாப் போதும்."

அவர் முகம் சட்டென்று நிமிர்ந்தது. இத்தனை நாளில் அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

"அப்பிடி ஒண்டு இருக்கோ? அப்ப அதையும் இப்பவே எழுதித் தாங்கோ அண்ணை. தேதியை மட்டும் எழுதாமல் விடுங்கோ. அவர் வரேக்கை நான் இருப்பனோ தெரியாது."