பதினைந்து நிமிடம் பொறுக்காத கணக்கு டீச்சர்

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு கான்வென்ட் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போட ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அரையாண்டுத் தேர்வு மேற்பார்வையில் ஒருநாள் நேரம் போனதே தெரியவில்லை. காலையில் ஊசி போட்டுக்கொண்டவள், மணி ஒன்றரை ஆகியும் சாப்பிடாமல் ஸ்டாஃப் ரூமில் விடைத்தாள் கட்டைப் பிரித்தேன்.

பக்கத்து நாற்காலி தமிழ் டீச்சருடையது. என்னைச் சீண்டாமல் அவருக்குப் பொழுது போகாது.

"என்ன டீச்சர், நூறு மார்க் பேப்பருக்கு நூத்திப் பன்னெண்டு போட்டிருக்கீங்க? இவ்ளோ தாராளம் எப்பலேர்ந்து?"

"கூட்டத் தெரியாதா எனக்கு? உங்க வேலையைப் பாருங்க!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் பேனா கையில் நடுங்குவதையும், மின்விசிறிக்குக் கீழேயே ரவிக்கை நனைந்திருப்பதையும் கவனித்தேன். எழுத்துகள் மங்கின. நெஞ்சு படபடத்தது. ஆனாலும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்றேன்.

"ஒண்ணுமில்லாதவங்க இப்படி வேர்த்துக் கொட்ட மாட்டாங்க. எங்க உங்க மிஷின்?"

துபாயில் இருக்கும் என் தம்பி வாங்கி வந்திருந்த சர்க்கரை சோதனைக் கருவியை என் பையிலிருந்து அவரே எடுத்தார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் வைத்தோம். ஐம்பத்து நாலு. எழுபதுக்குக் கீழே போனாலே சும்மா இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தமிழ் டீச்சர் தன் டப்பாவிலிருந்து பால்கோவாவை நீட்டினார்.

"அது வேணாம். நெய் இருக்கு, சர்க்கரை மெதுவாத்தான் ஏறும். குளுக்கோஸ், பதினஞ்சு கிராம்."

என் பையில் எப்போதும் இருக்கும் குளுக்கோஸ் பவுடரில் மூன்று டீஸ்பூன் எடுத்துத் தண்ணீரில் கரைத்தார். "முழுங்க முடியுதா? மயங்கிட்டா வாயில எதையும் ஊத்த மாட்டேன், நேரா ஆஸ்பத்திரிதான்" என்று மிரட்டிவிட்டுத் தந்தார். ஒரே மூச்சில் குடித்தேன்.

இனி பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். நாலாவது நிமிடமே என் கை பால்கோவா டப்பாவை நோக்கிப் போனது. உலகத்தையே விழுங்கும் பசி.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு தமிழ் டீச்சர் கடிகாரத்தைக் காட்டினார். "பதினஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாத கணக்கு டீச்சரை இப்பத்தான் பாக்கறேன்."

பதினைந்தாவது நிமிடம் அறுபத்தாறு வந்தது. எழுபதைத் தொடவில்லை. மறுபடி மூன்று டீஸ்பூன், மறுபடி பதினைந்து நிமிடம். இந்தத் தடவை தொண்ணூற்று நாலு. நடுக்கம் நின்றிருந்தது. கத்தியதை நினைத்து முகம் சுருங்கியது.

"மன்னிச்சுடுங்க டீச்சர்" என்றேன்.

"மன்னிப்பு அப்புறம். மொதல்ல சாதம்."

குளுக்கோஸ் ஏற்றிய சர்க்கரை மறுபடி இறங்கிவிடாமல் இருக்க, சாப்பாடு உடனே உள்ளே போக வேண்டும். நான் தயிர் சாதம் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் எதிரிலிருந்து நகரவில்லை.

மறுநாள் முதல், பன்னிரண்டரை மணி அடித்ததும் என் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். "டீச்சர், டிபன் பாக்ஸ் தொறந்தாச்சா?" என்று மொத்த வகுப்புக்கும் கேட்கும்படி கேட்பார். வீட்டுப்பாடம் எழுதாத பெண்ணைப் போல நான் தலையைக் குனிந்துகொண்டு, "இதோ போறேன்" என்பேன்.