கள்ளர் என்ற சொல் இல்லாத மட்டை

என் கையெழுத்தைப் பார்த்து, கோழி கிளறிய முற்றம் என்று நினைக்க வேண்டாம். கோழியின் கிளறலில் ஓர் ஒழுங்கு இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகளுக்கு இப்போதே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆனாலும் இந்தக் கையெழுத்தை ஒருமுறை ஊரே நின்று வாசித்தது. அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

துணுக்காய்ப் பக்கம் ஒரு பால் சேகரிப்பு நிலையத்தில் வேலை செய்கிறேன். நிலையம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு தகரக் கொட்டில், பாலைக் குளிராக வைத்திருக்கும் தாங்கி, ஒரு மேசை, ஒரு கதிரை, கதிரையில் நான். காலையில் சனம் பால் கேன்களைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும். ஒவ்வொருவருடைய பாலிலும் பால்மானியை விட்டுப் பார்ப்பேன். அது ஒரு கண்ணாடிக் குழாய். பால் சரியென்றால் உயர்ந்து மிதக்கும், தண்ணீர் கலந்திருந்தால் அமிழும். அமிழ்ந்தால் அந்தப் பாலை எடுக்கக் கூடாது. விதி அதுதான். என் வழக்கம் வேறு. ஒருவரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கொஞ்சம் அமிழ்ந்தாலும் கூரையைப் பார்த்துக்கொண்டு தாங்கிக்குள் ஊற்றிவிடுவேன்.

ஒருநாள் பால் ஏற்றும் பவுசர் லொறியோடு வந்தவர் தாங்கிப் பாலைச் சோதித்துவிட்டு, முழுவதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனார். அரைமணி நேரத்தில் வவுனியாவிலிருந்து மனேஜரின் குரல் பதிவு ஒன்று என் போனில் வந்தது. மனேஜர் என்னைவிட வயதில் இளையவர். தொண்டை மட்டும் மூத்தது.

"தண்ணி கலக்கிறவை எல்லாம் கள்ளர். கள்ளரின்ர பால் இனி எனக்கு வேண்டாம். நான் சொன்ன மாதிரியே பெரிசா எழுதி வாசல்ல ஒட்டும். வெள்ளிக்கிழமை வந்து பாப்பன். உந்த நிலையம் சரிவராட்டி இழுத்துப் பூட்டிப்போட்டுப் போவம்."

"ஓம் சேர்" என்று பதில் அனுப்பினேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன சொல் அதுதான்.

அறிவித்தல் எழுத ஒரு பெரிய காகித மட்டையை மேசையில் விரித்தேன். "கள்ளர்" என்ற முதல் சொல்லிலேயே கை நின்றுவிட்டது. நாளைக் காலை அந்தச் சொல்லுக்குக் கீழே உட்காரப்போவது மனேஜர் அல்ல, நான். அதனால் எனக்குத் தெரிந்த மரியாதை முழுவதையும் கொட்டி இப்படி எழுதினேன்: "அன்பார்ந்த பால் உறவுகளுக்கு வணக்கம். முடிந்தவரை பாலில் தண்ணீர் சேராமல் பார்த்துக்கொண்டால் மிக்க மகிழ்ச்சி அடைவோம். ஏதும் பிழை இருந்தால் மன்னிக்கவும்."

அடுத்த நாள் காலை, முதலில் வந்த கிழவர் அதை வாசித்துவிட்டுக் கேட்டார்: "ஆருக்கடாப்பா கலியாணம்? சாப்பாடு எத்தினை மணிக்கு?"

பின்னால் வந்தவரின் பாலில் குழாய் அமிழ்ந்தது. அவர் மட்டையைக் காட்டினார். "முடிந்தவரை எண்டுதானே போட்டிருக்கு. என்னால இவ்வளவுதான் முடிஞ்சுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாலை ஊற்றினேன். அப்போதுதான் விளங்கியது: மனேஜர் சொன்னதில் மரியாதை இல்லை, நான் எழுதியதில் விசயமே இல்லை.

சனம் குறைந்த பிறகு அக்கா வந்தார். சொந்த அக்கா அல்ல, ஊருக்கே அக்கா. ஏழு மாடு வைத்திருக்கிறார். அவருடைய ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் உள்ள எல்லா வீடும் அவர் போகும் இடத்துக்குத்தான் பாலோடு போகும். அவர்கள் வராமல் நின்றால் என் தாங்கி பாதிகூட நிரம்பாது. மனேஜர் சொன்ன பூட்டு உடனே வந்துவிடும். குழாயை விட்டேன். அமிழ்ந்தது.

"அக்கா, உங்கட பால் கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்? வாயைத் திறந்து சொல்லு தம்பி."

"தண்ணி மாதிரி..."

"நான் தண்ணி கலக்கிறனோ? வாளியில ஒட்டிக்கிடக்கிற பாலை அலசி ஊத்துறனான். பாலை வீணாக்கிறதோ? எங்கட வீட்டில எல்லாரும் அப்பிடித்தான்."

"எத்தினை வாளி அக்கா?"

அவர் விரல் மடித்து எண்ணினார். ஏழு மாடு, ஏழு முறை அலசல். எண்ணி முடித்ததும் அவருடைய குரலே கொஞ்சம் இறங்கியது. உடனே மறுபடி ஏறியது. "ஆனா ஒண்டு. என்னைக் கள்ளியெண்டு ஆரும் ஒரு சொல்லுச் சொன்னால், அண்டைக்கே இந்த வாசலை மறந்திடுவன். என்ர ஒழுங்கையும் மறந்திடும்."

அன்றும் கூரையைப் பார்த்தபடி ஊற்றினேன். அதுதான் கடைசித் தடவை.

பின்னேரம் கல்யாண மட்டையைக் கிழித்து, புது மட்டை எடுத்தேன். மனேஜரின் குரலை நாலு தரம் போட்டுக் கேட்டேன். அதற்குள் கோபம் எது, வேலை எது என்று பிரித்துப் பார்த்தேன். கோபம் அவருடையது, அதை அவரே வைத்துக்கொள்ளட்டும். வேலை ஒரே ஒரு வரிதான் இருந்தது: தண்ணீர்ப் பால் எடுக்க முடியாது. அந்த வரியைத் தொடக் கூடாது. அதில் "தயவுசெய்து" போட்டாலும் பழுதாகிவிடும். அதைச் சுற்றி, ஏன் என்றும் அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொன்னால் போதும். இப்படி எழுதினேன்:

"பால்மானியில் போட்டிருக்கும் சிவப்புக் கோடு பாலுக்குள் அமிழ்ந்தால் அந்தப் பால் அன்று எடுக்கப்படமாட்டாது. யாருடைய பால் என்றாலும் இதுதான். ஒரு கேனில் தண்ணீர் இருந்தாலும் எல்லோருடைய பாலும் திரும்பி வருகிறது. வாளி அலசிய தண்ணீரையும் சேர்க்க வேண்டாம். கறந்த சூட்டோடு பார்த்தால் குழாய் கொஞ்சம் இறங்கும். ஆகவே சந்தேகம் என்றால், பால் ஆறிய பின் உங்கள் கண்முன்னால் திரும்பவும் பார்ப்போம். அடுத்த நாள் நல்ல பால் கொண்டுவந்தால் வழமைபோல எடுப்போம்."

இதில் என் சொல் எதுவும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மனேஜரின் சொல்லை அலசி, தண்ணீரை வெளியே ஊற்றினேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மனேஜர் வந்தார். மட்டையை வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"நான் சொன்ன கள்ளர் எங்க?"

என் காது சூடாகிவிட்டது. "எடுக்கமாட்டம் எண்டு முதல் வரியிலயே இருக்கு சேர்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

"உது காணாது ஐசே. இவங்களுக்கு உறைக்காது."

அந்த நேரம் பார்த்து அக்காவின் சைக்கிள் வந்தது. குழாயை விட்டேன். சிவப்புக் கோடு அமிழ்ந்தது. ஆறவைத்து, அவர் கண்முன்னால் மறுபடி பார்த்தேன். அமிழ்ந்தேதான் கிடந்தது. மனேஜர் பக்கத்தில் வாயைத் திறந்தபடி தயாராக நின்றார். அவருக்கு முன்னால் நான் முந்தவேண்டும். கூரையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தேன்.

"அக்கா, இண்டைக்கு எடுக்கேலாது. நாளைக்குக் கொண்டுவாங்கோ."

அக்கா குழாயைப் பார்த்தார். மட்டையைப் பார்த்தார். பிறகு தன் சைக்கிளையே திட்டுவதுபோலச் சொன்னார்: "விடியக் கறந்தது மருமகள். அலசின பழக்கம் அவளின்ர கையை விட்டுப் போகேல்லை. சரி, எழுதித்தானே கிடக்கு." கேனை மறுபடி கட்டினார். போகும்போது மனேஜரைப் பார்த்தார். "நீங்களோ தம்பி பெரியவர்? பரவாயில்லை, மனுசர் மாதிரி எழுதியிருக்கிறியள்."

மனேஜரின் திறந்த வாய் மெதுவாக மூடியது. பிறகு சிரிப்பதற்காகத் திறந்தது. "ஓம் அம்மா. நான்தான் சொல்லி எழுதுவிச்சனான்."

"ஓம் சேர்" என்றேன் நான்.

மறுநாள் விடிய அக்கா வந்தார். பின்னால் அவருடைய ஒழுங்கை முழுவதும் வந்தது. குழாய் உயர்ந்து மிதந்தது. போகிற போக்கில், "'அலசிய' எண்டதில ஒரு எழுத்தைக் கோணலாப் போட்டிருக்கிறாய், திருத்து" என்றார். இன்னும் திருத்தவில்லை. மட்டை வாசலில் இன்றைக்கும் தொங்குகிறது.

எழுதி முடித்தது: மாசி மாதம் ஒன்பதாம் திகதி, பின்னேரம், பவுசர் போன பிறகு.