வண்டி என்னோடது, பேட்டரி யாரோடது?

எனக்குக் கோபம் மூக்கு நுனியில இருக்கும். என் தங்கச்சிக்கு வேகம் கால் நுனியில. அதனாலதான் லேப்ல எல்லாரும் அவளை அம்புன்னு கூப்பிடறாங்க. கிளினிக் கிளினிக்கா போய் ரத்தக் குப்பிகளை ஐஸ் பெட்டியில வாங்கிக்கிட்டு, கெட்டுப்போறதுக்குள்ள லேப்ல கொண்டு சேர்க்கணும். அதுதான் வேலை. புருஷன் விட்டுட்டுப் போனப்புறம் அவளையும் பொண்ணையும் நிமிர்த்தி நிக்க வச்சது அந்த ரூட்டு ஒண்ணுதான். அதைத் தொட்டா கடிச்சிடுவா.

முதல்ல அவ வாங்கினது ஒரு எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், பேட்டரியை மாத்தி மாத்தி ஓட்டற ஸ்வாப் வண்டி. அதாவது வண்டி மட்டும்தான் நம்மோடது. பேட்டரி கம்பெனியோடது. சார்ஜ் தீர்ந்தா ஸ்வாப் ஸ்டேஷனுக்குப் போய்க் காலிப் பேட்டரியை அலமாரிக்குள்ள தள்ளிட்டு நிரம்பினதை உருவிக்கணும். டீ குடிக்கிற நேரம்கூட ஆகாது. விலையில பெரும்பங்கு பேட்டரிக்குத்தான் போகும்ங்கறதால, அது இல்லாத வண்டி மலிவாக் கிடைச்சுது. "வண்டி என்னோடது, உயிர் கம்பெனியோடது"ன்னு சிரிப்பா.

ஒவ்வொரு தடவை மாத்தறதுக்கும் ஒரே கட்டணம். பாதி மிச்சம் வச்சு மாத்தினாலும் அதே காசு, சொட்டு மிச்சமில்லாம மாத்தினாலும் அதே காசு. அப்ப யாராவது மிச்சம் வைப்பாங்களா? அம்பு கரும்புச்சாறு பிழியறமாதிரி பிழிவா. ஒரு சதவீதத்துல ஸ்டேஷன் வாசல்ல வந்து நிக்கறதுல அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சாயங்காலம் காலியா வீட்டுக்கு வந்தாலும் கவலையில்லை. மூலையில தள்ளிட்டு மாடிக்கு ஏறிடுவா. லீவு நாள்ல எத்தனை நாள் கிடந்தாலும் அது கம்பெனி பாடு.

அப்புறம் லேப் பக்கத்துல இருந்த ஸ்டேஷனை மூடிட்டானுங்க. கட்டணத்தையும் ஏத்தினானுங்க. ஒரு நாள் பெட்டி நிறைய சாம்பிளோட போய் நின்னா, அலமாரி முழுக்க சிவப்பு விளக்கு. எல்லாமே இன்னும் சார்ஜ் ஆகிட்டிருக்கு. வேற கம்பெனி ஸ்டேஷன் எதிர்லயே இருக்கு, ஆனா அவன் பேட்டரி இந்த வண்டிக்குள்ள நுழையாது. அன்னைக்கு ஆட்டோ பிடிச்சு ஓடினா. வந்ததும், வீட்டுக்குக் கீழ இருக்கற என் ஜெராக்ஸ் கடையில உக்காந்து, "போதும்க்கா. இனிமே உயிரும் என்னோடதா இருக்கட்டும்"ன்னா.

கணக்கு போட்டது நான்தான். ஜெராக்ஸ் பேப்பர் டப்பா மூடியில எழுதினோம். பேட்டரியோட சேர்ந்த வண்டி விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதுக்கு மாசத் தவணை. ஆனா ராத்திரி முழுக்க வீட்டுல சார்ஜ் போட்டா ஆகுற கரண்டு, ஒரு தடவை மாத்தறதுக்குக் குடுக்கற காசுல பாதிகூட இல்லை. அவ ஒரு நாளைக்கு ரெண்டு, மூணு தடவை மாத்தறவ. மிச்சமாகற காசே தவணையைக் கட்டிடும், தவணை முடிஞ்சப்புறம் எல்லாம் லாபம். கடனுக்கு ஜாமீன் கையெழுத்தும் நான்தான் போட்டேன்.

புது வண்டி வந்துச்சு. பெரிய பேட்டரி, ஒரு சார்ஜ்ல அன்னைக்கு ரூட்டு முழுக்க ஓடும். மாடிப்படிக்கு அடியில, என் கடைச் சுவர்லேருந்து ஒரு பிளக் இழுத்துக் குடுத்தேன். பழைய வண்டியை விக்கப் பாத்தோம். வந்தவன் எல்லாம் சீட்டைத் தூக்கிப் பாத்துட்டு "பேட்டரி எங்க?"ன்னு கேட்டான். யார் வாங்குவா? அதுவும் அங்கயே ஓரமா நின்னுச்சு.

ஆனா பழக்கம் லேசுல போகுமா? சொந்தப் பேட்டரியையும் வாடகைப் பேட்டரி மாதிரியே பிழிஞ்சா. கடைசிச் சொட்டு வரைக்கும் ஓட்டறது, காலியாக் கொண்டுவந்து போடறது. தோணினப்ப பிளக்கு. எனக்கும் அது தப்புன்னு தெரியலை.

ஒரு நாள் வயித்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தா. வண்டியைப் படிக்கு அடியில விட்டா, அங்கயே உக்காந்துட்டா. குடல்வால் வெடிச்சிருந்துச்சு. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், தையல், மறுபடி காய்ச்சல். ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. போன்ல "பேட்டரி மிகக் குறைவு, சார்ஜ் செய்யவும்"னு எச்சரிக்கை வந்திருக்கு. ஆயிரம் விளம்பரத்தோட அதையும் தள்ளி விட்டிருக்கா. உயிருக்குப் போராடறவ வண்டிக்கு எங்க போராடுவா?

சனிக்கிழமை லேப் சூப்பர்வைசர் போன் பண்ணினார். ரூட்டை அதுவரைக்கும் ஒரு பையன் பாத்துக்கிட்டிருந்தான். "அம்பு, திங்கக்கிழமை காலையில நீ வரலைன்னா அவனையே வச்சுக்கறேன்மா. மேலிடத்துல என்னால சமாளிக்க முடியலை"ன்னு சொல்லிட்டார். கீழே இறங்கி வந்து சாவியைத் திருப்பினா. திரை வரலை. பிளக்கை மாட்டினா. சார்ஜர்ல விளக்கு எரிஞ்சுது, வண்டியில ஒண்ணும் அசையலை.

"என்னக்கா இது?"

"ஒயர் லூசா இருக்கும்டி"ன்னேன். வாய் சொல்லுச்சு. மனசு நம்பலை.

சின்ன லாரியில ஏத்தி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனோம். அங்க இருந்த மெக்கானிக் தம்பி பேட்டரியைக் கழட்டி மேசையில வச்சு, கம்ப்யூட்டரோட இணைச்சான். திரையில வரிசையா கோடு. பேட்டரிக்குள்ள சின்னச் சின்ன செல்லுங்க கூட்டம் கூட்டமா இருக்குமாம், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு கோடாம். எல்லாம் தரையோட தரையாக் கிடந்துச்சு.

"எத்தனை சதவீதத்துல நிறுத்தினீங்க?"

"ஒண்ணுல"ன்னா அம்பு.

அவன் நாக்கைக் கடிச்சுக்கிட்டான். "வண்டி நின்னாலும் உள்ள திருட்டு அலாரம், இடம் காட்டற கருவி எல்லாம் முழிச்சுக்கிட்டேதான் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சும். அடியில கையிருப்பே இல்லாம விட்டிருக்கீங்க. ஓரளவுக்குக் கீழ போயிட்டா செல்லு கெட்டுடும்க்கா."

"வாரண்டி இருக்குல்ல? மூணு வருஷம்னு சொல்லித்தானே வித்தீங்க?"

"இதுக்கு வாரண்டி கிடையாது. பட்டினி போட்டது யாருங்கறது உள்ளயே பதிவாகியிருக்கு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோபம். "பட்டினியா? ஏன்ப்பா, இவ ஆஸ்பத்திரியில சாகக் கிடந்தா, வண்டிக்குச் சோறு ஊட்டிட்டா போவா? விக்கறப்ப பல்லைக் காட்டறீங்க, வாங்கினப்புறம் சட்டம் பேசறீங்க!" சென்டர் முழுக்கத் திரும்பிப் பாத்துச்சு. அம்பு என் கையைப் பிடிச்சா. அந்தத் தம்பி கோபப்படலை. ரொம்பச் சின்ன கரண்டு குடுத்து மெதுவா எழுப்பிப் பாக்கலாம், நாளைக்குச் சாயங்காலம் தெரியும்னான். புதுப் பேட்டரி என்ன விலைன்னு கேட்டேன். வண்டி விலையில பாதிக்குக் கிட்ட சொன்னான்.

அட்டை மூடியில போட்ட கணக்குல நான் எதை விட்டுட்டேன்னு அந்த விலையைக் கேட்டப்பதான் புரிஞ்சுது. கரண்டை எழுதினேன், தவணையை எழுதினேன். பேட்டரி தேயும், ஒரு நாள் சாகும்ங்கறதை எழுதலை. ஸ்வாப்காரன் வாங்கின காசு கரண்டுக்கு மட்டும் இல்லை. அந்தச் சாவுக்கும் சேர்த்துத்தான் வாங்கியிருக்கான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போனோம். திரையில கோடு எல்லாம் எழுந்து நின்னுச்சு! "அம்மாடி"ன்னு நான் கையைத் தட்டிட்டேன். அம்பு ஓரத்தையே பாத்துக்கிட்டிருந்தா. அங்க ரெண்டு கோடு மத்ததைவிடக் குட்டையா இருந்துச்சு. சார்ஜை நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தோம். மத்தது எல்லாம் அப்படியே நிக்க, அந்த ரெண்டும் கண்ணெதிர்ல இறங்கிக்கிட்டே வந்துச்சு.

"இதை நான் மாட்டிக் குடுக்க முடியாதுக்கா"ன்னான்.

"ஓடுமா, ஓடாதா?"ன்னு கேட்டா அம்பு.

"ஓடும். ஆனா உள்ள ஷார்ட் ஆக ஆரம்பிச்சிருக்கு. எப்ப சூடாகித் தீப்பிடிக்கும்னு சொல்ல முடியாது."

"தம்பி, ஒரு மாசம் போதும். ஒரே மாசம். நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன். எனக்கு ஏதாவது ஆனா உன்னைக் கேக்க மாட்டாங்க." அவ யாரையும் அப்படிக் கெஞ்சி நான் பாத்ததில்லை. புருஷன் போனப்பகூட வாசல்ல நின்னு கெஞ்சாதவ.

அவன் பேட்டரியிலேருந்து ஒயரைக் கழட்டினான். அப்புறம் கேட்டான்: "வீட்டுல எங்க சார்ஜ் போடுவீங்க?"

"படிக்கு அடியில."

"அதுக்கு மேல?"

அதுக்கு மேல இருக்கற அறையிலதான் அவ பொண்ணு தூங்குது. கீழே இறங்க அந்தப் படியை விட்டா வேற வழியும் கிடையாது. அம்பு மேசையிலேருந்து கையை எடுத்துட்டா. நானும் அதுக்கப்புறம் அந்தத் தம்பியை ஒரு வார்த்தை திட்டலை.

பேட்டரியை அங்கயே விட்டுட்டு, வண்டியை மட்டும் மறுபடி சின்ன லாரியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அம்பு படிக்கு அடியில குனிஞ்சு, பழைய ஸ்வாப் வண்டி மேல இருந்த என் காலி டப்பா எல்லாத்தையும் எடுத்துக் கீழே போட ஆரம்பிச்சா. "போனை எடுக்கா, ஸ்வாப் கணக்கை மறுபடி திறக்கணும்"ன்னா. வைப்புத்தொகையும் முதல் சில ஸ்வாப்புக்கான காசும் என் கடைக் கல்லாவிலேருந்து போச்சு. இருக்கற ஸ்டேஷன்ல கிட்ட இருக்கறதே மார்க்கெட்டைத் தாண்டித்தான்.

திங்கக்கிழமை விடிஞ்சும் விடியாம தள்ளிக்கிட்டுப் போனோம். தையல் போட்ட வயிறுடி, நீ ஹேண்டிலை மட்டும் பிடின்னு நான் பின்னாலேருந்து தள்ளினேன். டயர்ல காத்து பாதிதான். ஏத்தத்துல எனக்கு மூச்சு வாங்கி நாக்கு வெளிய தள்ளிருச்சு. "அக்கா, நீ ஒரு சதவீதத்துக்கு வந்துட்ட"ன்னா. அந்த நிலைமையிலயும் கிண்டல்! மனசுக்குள்ள ஒரே வேண்டுதல்தான்: சிவப்பு விளக்கா இருந்துடக்கூடாது.

அலமாரியில எட்டு அறை. ஏழு சிவப்பு. ஒண்ணே ஒண்ணு பச்சை.

போனைக் காட்டினதும் அந்தக் கதவு திறந்துச்சு. உருவி, வண்டிக்குள்ள தள்ளி, சாவியைத் திருப்பினா. திரை எரிஞ்சுது. முழுசா. நான் அப்படியே பிளாட்பாரத்துல உக்காந்துட்டேன்.

அவ சீட்டைத் தட்டி மூடினா. "பாத்தியாக்கா, இது செத்தா இன்னொருத்தன் அழுவான்"ன்னு சிரிச்சா.

"செத்தது உன்னோடதுடி"ன்னேன். "நீ இன்னும் அழவே இல்லையே."

ஏன் அப்படிச் சொன்னேனோ. அவ ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை இறக்கிட்டா. ஹேண்டிலைப் பிடிச்ச கை விடலை, தோள் மட்டும் குலுங்கிச்சு. வாழ்க்கையில முழுசா தன்னோடதுன்னு அவ வாங்கின முதல் பெரிய பொருள் அந்தப் புது வண்டி. இன்னும் ரெண்டு வருஷம் தவணை பாக்கி இருக்கு. நான் எழுந்து போறதுக்குள்ள மணியைப் பாத்தா, மூக்கை உறிஞ்சினா, கிளம்பிட்டா.

ரூட்டு அவகிட்டதான் இருக்கு. ஓடற வண்டிக்கு ஸ்வாப் காசும், ஓடாத வண்டிக்குத் தவணையும் சேர்த்துக் கட்டறா. வாடகைப் பேட்டரியைப் பழையபடி ஒரு சதவீதம் வரைக்கும் பிழியறா, அதுல மாத்தம் இல்லை. ஆனா சாயங்காலம் வந்ததும், மேல ஏறறதுக்கு முன்னாடி, பேட்டரி இல்லாத அந்தச் சொந்த வண்டியை ஒரு தடவை துணியால துடைச்சுட்டுத்தான் போறா.