நாற்பது டோக்கனுக்கு ஒரு தையல் மெஷின் இடம்

என் தையல் கடை மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோவுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. பதினெட்டு வருடங்களாக வாடகை கட்டுகிறேன். ஆனாலும் ஒரு நாலு மாதம், அந்தக் கடையில் ஒரு துண்டு எனக்குச் சொந்தம் என்று நம்பித் திரிந்தேன். இப்போது நினைத்தாலும் என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

கட்டடத்தைப் புதிதாக வாங்கிய கொம்பனி அதை டோக்கன்களாக விற்கிறது என்ற செய்தியைக் கொண்டுவந்தவன் லெ பிளாங்-மெனில் புறநகரில் இருக்கும் என் தம்பி.

“அக்கா, உங்கடை கட்டடம்தான். துண்டு துண்டாய் விக்கிறாங்கள். ஆரிட்டை எத்தினை இருக்கெண்டு பிளாக்செயினிலை பதியும். ஒரே பதிவுப் புத்தகம் கனக்கக் கொம்பியூட்டரிலை இருக்கிற மாதிரி. ஒருத்தரும் களவாய் அழிக்கேலாது.”

எனக்கு அது போதும். ஊரில் காணி வாங்கினால் உறுதியில் நாலெல்லையும் எழுதுவார்கள். அந்த மூளையோடுதான் கணக்குப் போட்டேன். கட்டடத்தின் மொத்தச் சதுர மீட்டரை மொத்த டோக்கனோடு வைத்துப் பார்த்தேன். முழுக்கடைக்கு எங்கே போவது? நாற்பது டோக்கன் என்றால் தையல் மெஷின் நிற்கிற இடத்துக்குக் காணும். இரண்டு காப்பை விற்றேன், அடையாளத்துக்குப் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பினேன், வாங்கினேன். பிறகு துணிக்குக் கோடு போடும் சோக்கட்டியால் மெஷினைச் சுற்றி நிலத்தில் நாலு எல்லையும் கீறினேன்.

என் மனுசன் ரெஸ்ரோறண்டில் வேலை முடிந்து வந்து அதைப் பார்த்தார்.

“உமக்கென்ன விசரே?”

“ஓம், விசர்தான். இந்த மெஷினை இனி ஒருத்தரும் இந்த இடத்தை விட்டு அரக்கேலாது!”

நாலாம் மாதம், சட்ட அறிவித்தல்களைக் கையில் கொடுக்கும் ‘யுசியே’ ஒருவர் வந்து கொம்பனியின் கடிதத்தைத் தந்தார். குத்தகையைப் புதுப்பிக்க மாட்டார்களாம். ஆறு மாதத்தில் கடையை விட வேண்டுமாம். கட்டடத்தை வெறுமையாக விற்கப் போகிறார்கள். இந்தக் கடையை விட்டால் எனக்கு வேறு பிழைப்பில்லை.

அடுத்த நாளே கொம்பனியின் அலுவலகத்துக்குப் போய், முகாமையாளரின் மேசையில் போனை வைத்தேன்.

“பாருங்கள். நாற்பது. நானும் சொந்தக்காரி.”

அவர் பிரெஞ்சில் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் இன்னும் எரிந்தது.

“நாற்பது டோக்கன் உங்களிடம் இருப்பது உண்மை, மதாம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் டோக்கன் என்பது என்ன என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. அது கட்டடம் அல்ல, எங்கள் கொம்பனி வெளியிட்ட கடன்பத்திரம். வாடகையில் ஒரு பங்கு வட்டியாக வரும், விற்றால் லாபத்தில் ஒரு பங்கு வரும். வாக்குரிமை இல்லை. அரசாங்கக் காணிப்பதிவில் சொந்தக்காரர் கொம்பனி மட்டும்தான்.”

“மெஷின் நிற்கிற இடம்?”

“அப்படி ஒரு இடம் எந்தப் பதிவிலும் இல்லை.” பிறகு ஆறுதல் சொல்வதாக நினைத்துச் சொன்னார்: “கடை காலியானால் விலை கூடும். உங்களுக்கும் நல்லதுதானே?”

என்னைத் தெருவில் விட்டுவிட்டு, அந்த லாபத்தில் எனக்கும் கிள்ளித் தருவார்களாம்! வாயில் தமிழ்தான் வந்தது. “உங்கடை லாபத்தைக் கொண்டுபோய்க் குப்பையிலை போடுங்கோ!” அவருக்கு விளங்கியிருக்காது. முகம் விளங்கியிருக்கும்.

மாநகரசபையில் இலவசமாக ஆலோசனை சொல்லும் பெண் வழக்கறிஞரிடம் போனேன். அவர் டோக்கனைத் திரும்பியும் பார்க்கவில்லை. என் பழைய குத்தகைத் தாளைத்தான் இரண்டு தரம் வாசித்தார்.

“கடைக் குத்தகையைப் புதுப்பிக்க மறுத்தால் அவர்கள் உங்களுக்கு நட்டஈடு தரவேண்டும். அது முழுதாகக் கைக்கு வரும்வரை நீங்கள் அங்கேயே இருக்கலாம். வாடகையை மட்டும் ஒழுங்காகக் கட்டுங்கள்.”

கொம்பனி ஒரு தொகை சொன்னது. அதில் வேறு கடைக்கு முற்பணம்கூடக் கட்ட முடியாது. மாட்டேன் என்றேன். கொஞ்சம் கூட்டினார்கள். அதற்கும் மாட்டேன் என்றேன்.

“அவங்களோடை ஏன் கொழுவுறீர்?” என்றார் மனுசன்.

“நான் கொழுவேல்லை. நான் இருக்கிறன். அவ்வளவுதான்.”

ஆறு மாதம் கடந்தது. வாடகையை முதலாம் திகதியே கட்டினேன். சட்டை தைத்தேன், சாறிக்கு ஓரம் அடித்தேன். ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம், டோக்கன் வைத்திருக்கும் எல்லோருக்கும் கொம்பனி அனுப்பிய செய்தி என் போனுக்கும் வந்தது.

“கீழ்த்தள வாடகைதாரர் ஒருவர் வெளியேற மறுப்பதால் விற்பனை தாமதமாகிறது. உங்கள் பொறுமைக்கு நன்றி.”

மனுசனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். பிறகு மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பிரெஞ்சில், பிழையில்லாமல் பதில் எழுதினேன்: “நீங்கள் சொல்லும் அந்த வாடகைதாரர் நான்தான். நாளைக்கும் பத்து மணிக்குத் திறப்பேன்.”