சம்பந்தியோடு ஒன்பது குழி

என் மச்சான் பொய்யே பேசமாட்டார் என்று என் மனைவி அடித்துச் சொல்வாள். அண்ணன் மேல் தங்கைக்கு அப்படியொரு நம்பிக்கை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா, ஓய்வு பெற்ற எஸ்டேட் மேனேஜர், "கோல்ஃப் ஆடுவீங்களா சம்பந்தி?" என்று கேட்டிருக்கிறார். கோல்ஃப் மட்டையைத் தொட்டே பார்க்காத, லோரி முதலாளியான என் மச்சான், "ஞாயித்துக்கிழமைன்னா வேற என்ன வேலை?" என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதமே ஆட நாள் குறித்தாயிற்று. கல்யாணத்துக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் நாள் கிடைக்கவில்லை.

ஜெராம் சாலையில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய பயிற்சித் திடலில் நான் கோல்ஃப் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் அவருக்குக் கற்றுக்கொடுக்கும் பாரம் என் தலையில் விழுந்தது. மணப்பெண்ணே நேரில் வந்தாள். "மாமா, அப்பா அங்க போய் மானத்த வாங்கிட்டாருன்னா, அந்த வீட்டுல நான் எப்படித் தல நிமிந்து நிக்கிறது?" என்றாள். அவள் கண் கலங்கியதும் எனக்கும் பயம் வந்துவிட்டது.

மச்சான் ஒரு காலத்தில் தோட்டத்துப் பூப்பந்து சாம்பியன். அதை மறக்கும் பாக்கியம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடைத்ததில்லை. தரையில் சாதுவாக உட்கார்ந்திருந்த பந்தை, தலைக்கு மேல் பறந்து வருவதாக நினைத்துக்கொண்டு அடித்தார். மட்டை பந்துக்குப் பின்னால் விரிப்பில் மோதியது. பந்து கொஞ்சம் நகர்ந்து, மரியாதைக்கு உருண்டு நின்றது. பந்தை மேலே தூக்கும் ஆசையில் அவர் வலது காலிலேயே சாய்ந்து நின்றார்.

"இந்தக் கிளப் மட்டை சரியில்ல மாப்ள. இன்னும் பலமா அடிக்கணும்லா."

"கிளப்புக்கு ஒண்ணும் இல்ல மச்சான்."

மட்டையைப் பின்னே கொண்டுபோகும்போது இடுப்பு திரும்பி, உடம்பின் எடை வலது காலின் உள்பக்கம் ஏற வேண்டும். இறங்கும்போது முதலில் எடை இடது காலுக்கு வர வேண்டும். கூடவே இடுப்பு திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் கைகள். முடிக்கையில் பெல்ட்டின் பக்கிள் பந்து போன திசையைப் பார்க்கும், வலது குதிகால் மேலே இருக்கும். இதைச் சொன்னதும் இடுப்பைத் திருப்பாமல் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டினார். கல்யாண வீட்டில் ஆட வேண்டியதை இங்கேயே ஆடிவிட்டார்.

அவசரம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. பலமாக அடிக்க நினைத்த நொடியில் கைகள் முந்திக்கொள்ளும், இடுப்பு பின்தங்கும், மட்டையின் நடுப்பகுதி பந்தில் படாது. நிதானமாக அடித்து நடுவில் பட்டாலே, முரட்டுத்தனமாக அடித்து ஓரத்தில் பட்டதைவிடப் பந்து தூரம் போகும். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! எல்லோரும் தலையாட்டிவிட்டு முழுப் பலத்தோடு அடிப்பார்கள்.

கடைசியில் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து அடிக்கச் சொன்னேன். அப்படி நின்று வேகம் காட்டினால் தடுமாற வேண்டியதுதான். சாம்பியன் நன்றாகவே தடுமாறினார். பிறகு, மட்டை மேலே போகும்போது "மெ-து-வா", இறங்கும்போது "லா" என்று சொல்லவைத்தேன். மூன்று பங்கு மேலே, ஒரு பங்கு கீழே. அவருடைய லோரி டிரைவர்களில் பாதிப் பேர் வந்து வேடிக்கை பார்த்தார்கள். ஆனால் ஒரு மாலை பந்து நேராக, அழகாக, உயர்ந்து போனது. மச்சான் அது விழும்வரை அசையாமல் நின்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் உடனே, "பூப்பந்து ஆடுன கைலா" என்றார்.

ஆட்டத்தன்று என்னை, "தங்கச்சி வீட்டுக்காரர், சும்மா வந்தாரு" என்று அறிமுகப்படுத்தி, மட்டைப் பையைத் தூக்கவிட்டார். சம்பந்தி டிரைவர் என்ற புதிய நீள மட்டையை ஆவேசமாகச் சுழற்றினார். பந்து வலப்பக்கம் வளைந்து செம்பனை மரங்களுக்குள் போனது. மச்சான் "மெ-து-வா... லா" என்று முணுமுணுத்துக்கொண்டே நேராக அடித்தார். குழிக்குக் குழி சம்பந்தியின் பேச்சு குறைந்தது. சிரிப்பு நின்றது. பந்து எடுத்துக்கொடுத்த தன் மகனான மாப்பிள்ளை மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

ஒன்பதாவது குழிக்கு வந்தபோது மச்சான் ஓர் அடி குறைவாக அடித்து முன்னணியில் இருந்தார். நடுவில் ஒரு வாய்க்கால். அந்தப் பக்கம் கிளப் வராந்தாவில் மணப்பெண், வருங்கால மாமியார் பக்கத்தில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். மச்சான் பந்தில்லாமல் ஒரு முறை சுழற்றிப் பார்த்தார். எடை இடது காலில், பக்கிள் குழியில் நட்ட கொடியை நோக்கி, குதிகால் மேலே. என் தொழிலிலேயே அப்படியொரு சுழற்சியைப் பார்த்ததில்லை.

பிறகு வராந்தாவைப் பார்த்தார். பந்துக்கு முன்னால் நின்றார். பழைய பூப்பந்துக்காரராக எம்பிக் குதித்து ஓங்கினார். பந்து வாய்க்காலில் விழுந்தது, அவர் புல்லில் விழுந்தார். அடுத்த பந்தும் அதே வாய்க்காலில்.

சம்பந்தி வயிறு குலுங்கச் சிரித்தார். கைகொடுத்துத் தூக்கிவிட்டு, தோளில் கைபோட்டு, "மெதுவா அடிக்கணும் சம்பந்தி. நான் சொல்லித் தரேன்" என்றார். வராந்தாவில் எல்லோரும் சிரித்தார்கள், மணப்பெண்ணும்தான்.

காரில் ஏறியதும் வெடித்தேன். "நான் சொல்லிக்கொடுத்தத எல்லாம் வாய்க்கால்ல போட்டுட்டீங்களே மச்சான்! ஜெயிச்சிருக்கலாம்லா!"

அவர் பேன்ட்டில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆட்டம் முடிஞ்சு நான் வூட்டுக்கு வந்துருவேன் மாப்ள. அவ அந்த மனுசன் வூட்டுலதானே இருக்கணும்."